மடங்குக் கோணங்களின் கோசைன்களைக் கூட்டுதல்

ஒரு கோணத்தின் கோசைனையும், அக்கோணத்தின் இருமடங்கு, மும்மடங்கு முதலாகத் தொடர்ந்துவரும் மடங்குகளின் கோசைன்களையும் கூட்டினால் வரும் தொகை யாது என்பது திரிகோணகணிதத்திற் பழையதொரு வினா. குறியீட்டில் எழுதினால்,

C = cos θ + cos 2θ + cos 3θ + … + cos nθ

என்னும் n உறுப்புக்களின் தொகையை, உறுப்புக்கள் எத்தனையாயினும் ஒரே சுருங்கிய கோவையாற் கூறல்வேண்டும்.

பாடநூல்கள் பல இதற்குக் காட்டும் வழி மிகக் குறுகியது. தொகை முழுவதையும் 2 sin(θ/2) என்பதாற் பெருக்குக என்று அவை பணிக்கும். அவ்வாறு பெருக்கியபின் ஒவ்வோர் உறுப்பும்

2 sin(θ/2) cos kθ = sin(k + ½)θ − sin(k − ½)θ

என்னும் சர்வசமன்பாட்டால் ஒரு வித்தியாசமாக மாறும். அடுத்தடுத்த வித்தியாசங்களில் ஒன்றிற் கூட்டப்பட்டது மற்றொன்றிற் கழிக்கப்படுதலால், நடுவிலுள்ளவை யாவும் அழிந்து இரு முனைகளிலும் உள்ளவை மாத்திரம் எஞ்சும். விடை உடனே கிடைத்துவிடும்.

இம்முறையிற் பிழையொன்றும் இல்லை. ஆயினும் கூர்மையுள்ள மாணவன் ஒருவன் இவ்விடத்தில் ஒரு வினாவை எழுப்புவான். பெருக்குவதற்கு 2 sin(θ/2) என்பதைத் தெரிந்தெடுத்தது எவ்வாறு? வினாவிலே θ உண்டு. அதன் மடங்குகள் உண்டு. அதன் அரைவாசி எங்கும் இல்லை. விடையை முன்னரே அறிந்த ஒருவரே இப்பெருக்கியைக் கண்டிருத்தல் கூடும் என்று அவன் ஐயுறுவான். அவ்வையம் நியாயமானதே. அரைக்கோணம் எங்கிருந்து வருகின்றது என்பதைச் சிக்கலெண் முறை வெளிப்படையாகக் காட்டும். அம்முறை நீளமும் அன்று.

கோசைன்கள் தம்முள் ஒரு விருத்தியாக அமைவதில்லை. cos θ, cos 2θ, cos 3θ என்பவற்றுள் ஒன்றிலிருந்து அடுத்ததைப் பெற எந்த ஒரே எண்ணாலும் பெருக்க இயலாது. எந்த ஒரே எண்ணையும் கூட்டவும் இயலாது. ஆனால் 1748 இல் வெளியான தம் நூலில் ஒயிலர் எடுத்துக்காட்டிய

e^(iθ) = cos θ + i sin θ

என்னும் தொடர்பைக் கொண்டால் நிலைமை மாறும். இதில் θ விற்குப் பதிலாக kθ வை இட்டால், e^(ikθ) = cos kθ + i sin kθ ஆகும். இதன் இடப்பக்கம் e^(iθ) என்பதன் k ஆம் வலுவே. தமோய்வரின் தேற்றம் கூறுவதும் இதுவே. எனவே ஒவ்வொரு கோசைனுக்கும் துணையாக அதே கோணத்தின் சைனை i யாற் பெருக்கிச் சேர்த்துவிட்டால், ஒழுங்கற்றுத் தோன்றிய உறுப்புக்கள் e^(iθ) என்னும் பொது விகிதமுடைய பெருக்கல் விருத்தியாகிவிடும். வேண்டப்படாத சைன்களையும் உடன் கூட்டுவது வேலையை இரட்டிப்பாக்குவது போலத் தோன்றினும், உண்மையில் அதுவே வேலையைக் குறைக்கின்றது.

ஆகவே, S = sin θ + sin 2θ + … + sin nθ என்க. அப்பொழுது z = e^(iθ) எனக் கொண்டால்,

C + iS = z + z² + z³ + … + zⁿ

பெருக்கல் விருத்தியின் கூட்டுத்தொகைக்கான விதி மெய்யெண்களுக்கு எவ்வாறு பெறப்பட்டதோ அவ்வாறே சிக்கலெண்களுக்கும் பெறப்படும். தொகையை z ஆற் பெருக்கி, முந்திய தொகையை அதிலிருந்து கழித்தால், (z − 1)(C + iS) = z(zⁿ − 1) ஆகும். இதன்பின் z − 1 ஆல் வகுத்தல் வேண்டும். வகுப்பதற்கு முன் z ஆனது 1 இற்குச் சமமன்று என்பதை உறுதிசெய்தல் வேண்டும். z = 1 ஆவது θ பூச்சியமாகவோ 360 பாகையின் மடங்காகவோ இருக்கும்பொழுது மாத்திரமே. அவ்விலக்கை இப்பொழுது குறித்துவைத்துப் பின்னர் ஆராயலாம். ஏனைய கோணங்கள் யாவற்றிற்கும்,

C + iS = z(zⁿ − 1)/(z − 1)

இங்கேதான் மாணவர் பலர் வழிதவறுவர். C என்பது இப்பின்னத்தின் மெய்ப்பகுதி. அம்மெய்ப்பகுதியைப் பெறுவதற்கு, மேலுள்ளதன் மெய்ப்பகுதியைக் கீழுள்ளதன் மெய்ப்பகுதியால் வகுத்துவிடுவாரும் உளர். கூட்டலிலும் கழித்தலிலும் மெய்ப்பகுதியைத் தனியே பிரித்தெடுத்தல் கூடும். பெருக்கலிலும் வகுத்தலிலும் அது கூடாது. அவ்வாறு செய்தால் [cos(n + 1)θ − cos θ]/(cos θ − 1) என்னும் கோவை வரும். இதனைச் சோதிக்க n = 1, θ = 60° என இடுக. மேலே cos 120° − cos 60° = −1; கீழே ½ − 1 = −½; ஆகவே விடை 2. ஆனால் n = 1 எனின் தொகையில் இருப்பது ஒரேயொரு கோசைன். கோசைன் எதுவும் 1 ஐ விஞ்சுதல் இயலாது. உறுப்பு ஒன்றாயிருக்கும் நிலையில் சூத்திரத்தைச் சோதிப்பது எத்துணை எளிதோ அத்துணைப் பயனுடையது. அதைச் செய்யாது விடுவோரே இப்பிழையைக் கடைசிவரை சுமந்து செல்வர்.

சரியான வழிகள் இரண்டு உள. மேலும் கீழும் பகுதியின் உடன்புணரியாற் பெருக்கி, கீழுள்ளதை மெய்யெண்ணாக்குதல் ஒன்று. அது விடையைத் தரும். ஆயினும் நான்கு கோசைன்கள் கொண்ட நீண்ட கோவையாகத் தரும். அதனைப் பின்னர்ச் சுருக்கல் வேண்டும். மற்றைய வழி அழகியது. z − 1 போன்ற ஒரு வித்தியாசத்தைக் காணும்பொழுது, அதிலிருந்து அரைக்கோணத்தின் அடுக்கைப் பொதுக் காரணியாக வெளியே எடுத்தலே அவ்வழி:

e^(iα) − 1 = e^(iα/2) [e^(iα/2) − e^(−iα/2)] = 2i sin(α/2) · e^(iα/2)

அடைப்பினுள்ளே ஓர் எண்ணும் அதன் உடன்புணரியும் கழிபடுகின்றன. ஆதலின் மெய்ப்பகுதிகள் அழிந்து கற்பனைப்பகுதி இரட்டிப்பாகின்றது. அரைக்கோணம் நுழையும் இடம் இதுவே. இதன் பொருளைப் படத்திலுங் காணலாம். அலகு வட்டத்தில் 1 என்னும் புள்ளியையும் e^(iα) என்னும் புள்ளியையும் இணைக்கும் நாணே இவ்வித்தியாசம். மையத்தில் α என்னும் கோணத்தை எதிரமைக்கும் நாணின் நீளம் 2 sin(α/2) என்பது கேத்திரகணிதத்தில் அறிந்ததே. பாடநூலின் மந்திரப் பெருக்கி ஒரு நாணின் நீளமாகவே இருந்திருக்கின்றது!

இச்சமன்பாட்டை மேலுள்ள zⁿ − 1 இற்கு α = nθ எனவும், கீழுள்ள z − 1 இற்கு α = θ எனவும் இருமுறை பயன்படுத்துக. 2i என்பது மேலும் கீழும் அழிந்துவிடும். அடுக்குக்களைக் கூட்டிக் கழித்தால் θ + nθ/2 − θ/2 = (n + 1)θ/2 ஆகும். எனவே,

C + iS = [sin(nθ/2)/sin(θ/2)] · e^(i(n + 1)θ/2)

சதுர அடைப்பினுள் இருப்பது மெய்யெண். ஆகவே மெய்ப்பகுதியை எடுப்பதில் இனித் தடையில்லை:

C = sin(nθ/2) · cos((n + 1)θ/2) / sin(θ/2)

சைன்களின் தொகையாகிய S ம் வேண்டாமலே கையிற் கிடைத்துவிட்டது. Cos((n + 1)θ/2) நின்ற இடத்தில் sin((n + 1)θ/2) ஐ இட்டால் அதுவேயாம்.

இச்சூத்திரத்தை ஒருமுறை எண்களிற் பார்த்தல் நன்று. θ = 10°, n = 5 என்க. வாய்பாட்டிலிருந்து 10, 20, 30, 40, 50 பாகைகளின் கோசைன்கள் முறையே 0.98481, 0.93969, 0.86603, 0.76604, 0.64279. இவற்றின் கூட்டுத்தொகை 4.19936. சூத்திரத்தின்படி sin 25° ஐ cos 30° ஆற் பெருக்கி sin 5° ஆல் வகுத்தல்வேண்டும். sin 25° = 0.42262, cos 30° = 0.86603, sin 5° = 0.08716 என்னும் பெறுமானங்களை இட்டு வகுத்தால் 4.199 என வரும். இறுதித் தானங்களும் ஒத்துவர வேண்டுமாயின் sin 5° ஐ இன்னும் இரு தானங்களுக்கு, 0.0871557 என, எடுத்தல் வேண்டும். சிறிய எண்ணொன்றால் வகுக்கும்பொழுது அதிலுள்ள சிறு வழுவும் விடையிற் பெரிதாகும் என்பதற்கு இஃதொரு சான்று. இவ்வெச்சரிக்கை கீழே மீண்டும் வரும்.

இன்னுமொரு தவறு உறுப்புக்களை எண்ணுவதிலே நிகழ்வது. சில வினாக்களில் தொடர் 1 + cos θ + … + cos nθ எனத் தொடங்கும். அங்கே உறுப்புக்கள் n அல்ல, n + 1. சூத்திரத்தை அப்படியே எழுதிவிடாது, பெற்ற தொகையுடன் 1 ஐக் கூட்டுவதே பாதுகாப்பானது.

சூத்திரத்தின் வடிவத்தை நோக்கும்பொழுது, அதனைக் கணக்கேதுமின்றியே கண்டிருக்கலாமே என்று தோன்றும். z, z², z³ என்பவை ஒவ்வொன்றும் மட்டு 1 உடைய சிக்கலெண்கள். அவற்றைக் கூட்டுதல் ஒரு தளத்தில் ஓரலகு நீளமான அடிகளை எடுத்துவைப்பதை ஒக்கும். முதல் அடி கிழக்குத் திசையோடு θ கோணத்தில். அடுத்த அடி 2θ கோணத்தில். இவ்வாறு ஒவ்வோர் அடிக்கும் ஒருவர் θ அளவு இடப்பக்கமாகத் திரும்பி நடக்கின்றார் என்க. சமநீளமுள்ள அடிகளுக்கிடையே சம அளவில் திரும்புவோர் ஒரு வட்டத்தின் நாண்களின் வழியே நடப்பவராவர். ஒவ்வொரு நாணும் மையத்தில் θ வை எதிரமைப்பதாலும் அதன் நீளம் 1 ஆதலாலும், அவ்வட்டத்தின் ஆரை 1/(2 sin(θ/2)) ஆகும். n அடிகள் நடந்தபின் மையத்தில் எதிரமைக்கும் கோணம் nθ. ஆகவே புறப்பட்ட இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் இடையிலுள்ள நேர்த்தூரம், அவ்வாரையை 2 sin(nθ/2) ஆற் பெருக்கி வருவது, அஃதாவது sin(nθ/2)/sin(θ/2). திசையோ, முதலடியின் திசையாகிய θ விற்கும் கடையடியின் திசையாகிய nθ விற்கும் சரிநடுவானது. அஃதாவது (n + 1)θ/2. நடந்தவர் கிழக்கே எவ்வளவு தூரம் சென்றுள்ளார் என்பதே C. வடக்கே எவ்வளவு என்பதே S. சூத்திரத்தின் மூன்று காரணிகளுக்கும் இவ்வாறு பொருள் கிடைக்கின்றது.

முன்னர் ஒதுக்கிவைத்த கோணத்தையும் இப்படமே விளக்கும். θ சிறிதாகச் சிறிதாகத் திருப்பம் குறையும். வட்டத்தின் ஆரை பெருகும். θ பூச்சியமானால் திருப்பமே இல்லை. நடப்பவர் நேர்கோட்டிற் கிழக்கே செல்கின்றார். வட்டம் என்று ஒன்று இல்லாதுபோயிற்று. ஆரைக்கான கோவையிற் பூச்சியத்தால் வகுத்தல் நேர்வது இதனாலேயே. தொகையோ வெளிப்படையானது: n கோசைன்களும் ஒவ்வொன்று 1 ஆதலால் C = n. சூத்திரத்தின் எல்லைப் பெறுமானமும் அதுவே; θ மிகச் சிறிதாயின் sin(nθ/2) ஐ sin(θ/2) ஆல் வகுத்த ஈவு n ஐ அணுகும், கோசைனோ 1 ஐ அணுகும். ஆயினும் எல்லையை நோக்கிச் செல்வதும் அவ்விடத்தில் நேரே பிரதியிடுவதும் வேறு வேறு. விடையெழுதுவோர் θ = 2mπ என்னும் நிலைக்கு C = n என்பதைத் தனியே எழுதாது விட்டால் விடை முழுமையன்று.

எண்ணிக்கை முடிவுள்ளதாயிருக்கும்வரை இவ்விலக்கு ஒரு சிறு குறிப்பே. n ஐ எல்லையின்றி வளரவிட்டால் அதன் தன்மை வேறாகும். அதனைக் காண, சூத்திரத்தைச் சற்றே மாற்றி எழுதுதல் நலம். சைன், கோசைன் பெருக்கத்தைக் கூட்டலாக விரித்தால்,

C = −½ + sin(n + ½)θ / (2 sin(θ/2))

இவ்வடிவத்தில் n இரண்டாம் உறுப்பில் மாத்திரமே இருக்கின்றது. முதலுறுப்பு θ வையும் சாராதது, n ஐயும் சாராதது. சில கோணங்களில் இரண்டாம் உறுப்பு முற்றாக மறைந்துவிடும். θ = 2π/7, n = 3 எனின் (n + ½)θ = π ஆகின்றது; அதன் சைன் பூச்சியம். எனவே cos(2π/7) + cos(4π/7) + cos(6π/7) = −½ என்பது வாய்பாடு பாராமலே பெறப்படும். வாய்பாட்டைப் பார்த்தால் 0.6235, −0.2225, −0.9010 என்பவற்றின் தொகை −0.5000 என வருதலுங் காணலாம்.

18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒயிலர் இத்தொடரை முடிவின்றி நீட்டினார். முடிவில்லாப் பெருக்கல் விருத்தியின் கூட்டுத்தொகை z/(1 − z) என்னும் விதியை z = e^(iθ) என்பதற்கும் பயன்படுத்தினால், அதன் மெய்ப்பகுதி θ எதுவாயினும் −½ ஆகும். ஆகவே

cos θ + cos 2θ + cos 3θ + … = −½

என்றார். அவ்விதி z இன் மட்டு 1 இலுங் குறைந்தவிடத்து மாத்திரமே செல்லும். இங்கு மட்டு சரியாக 1. இக்கூற்று உண்மையா என்பதை θ = 60° இற் பார்க்கலாம். ஒவ்வோர் உறுப்பாகக் கூட்டிவந்தால் தொகைகள் ½, 0, −1, −1½, −1, 0 என வரும். ஆறு அடிகளில் ஒழுங்கான அறுகோணியொன்றைச் சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே மீண்டாயிற்று. அதன்பின் அதே எண்கள் திரும்பத் திரும்ப வரும். இவை எந்த எண்ணையும் நெருங்கி அமைவன அல்ல. எனவே தொடர் ஒருங்குவதில்லை. ஒயிலரின் சமன்பாடு, சாதாரண பொருளிற் கொண்டால், பிழையானது. எனினும் அவ்வாறு எண்களின் கூட்டுத்தொகை −3. சராசரி சரியாக −½! நடப்பவர் வட்டத்தைச் சுற்றிக்கொண்டேயிருக்கின்றார். ஒயிலர் கண்டது அவர் நிற்கும் இடத்தை அன்று, அவர் சுற்றும் வட்டத்தின் மையத்தை.

ஒயிலர் அவ்விடத்தில் நிறுத்தவில்லை. அச்சமன்பாட்டை உறுப்புறுப்பாகத் தொகையிட்டு, θ = π என்னுமிடத்தில் சைன்கள் யாவும் பூச்சியமாதலைக்கொண்டு மாறிலியைத் துணிந்தால்,

sin θ + (sin 2θ)/2 + (sin 3θ)/3 + … = (π − θ)/2

எனப் பெறலாம். பிழையான சமன்பாட்டிலிருந்து பிறந்த இம்முடிபு, 0 இற்கும் 2π யிற்கும் இடையிலுள்ள கோணம் ஒவ்வொன்றுக்கும் உண்மையானது. இது தற்செயலா? முடிவுள்ள கூட்டுத்தொகையைக் கையில் வைத்திருப்போர் இதற்கு விடை கூறலாம்.

முடிவுள்ள சூத்திரம் எவ்விதப் பிழையுமற்றது. θ வை 0 இற்கும் π யிற்கும் இடையில் எடுத்து, மாறியை t எனக் கொண்டு, சூத்திரத்தின் இரு பக்கங்களையும் θ முதல் π வரை தொகையிட்டால்,

(π − θ)/2 − [sin θ + (sin 2θ)/2 + … + (sin nθ)/n] = ∫ sin(n + ½)t / (2 sin(t/2)) dt

இடப்பக்கத்தில் இருப்பது ஒயிலரின் விடைக்கும் n உறுப்புக்களின் தொகைக்கும் உள்ள வித்தியாசம், அஃதாவது வழு. வலப்பக்கத் தொகையீட்டைப் பகுதிகளாகத் தொகையிட்டால், sin(n + ½)t இலிருந்து n + ½ என்னும் வகுத்தி வெளியே வருகின்றது. எஞ்சுவனவற்றைக் கணித்தால் வழுவின் அளவு எப்பொழுதும்

2 / [(2n + 1) sin(θ/2)]

என்பதனிலும் பெரிதாகாது என்பதைக் காட்டலாம். θ வை நிலையாக வைத்து n ஐ வளரவிட்டால் இது பூச்சியத்தை நோக்கிச் செல்லும். ஒயிலரின் முடிபு இவ்வாறு நிலைபெற்றது. π யிற்கு மேற்பட்ட கோணங்களுக்கு, θ விற்குப் பதிலாக 2π − θ வை எடுத்தால் இரு பக்கங்களும் குறி மாறுவதன்றி வேறு மாற்றமில்லை. கூட்டிவந்த தொகைகள் மையத்தைச் சுற்றி மேலுங் கீழுமாக ஊசலாடுவதால், தொகையிடும்பொழுது அவ்வூசலாட்டங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மையத்தின் −½ மாத்திரம் நிலைக்கின்றது.

θ = π/2 என இட்டால் ஒற்றையெண்களின் சைன்கள் மாறி மாறி 1, −1 ஆகவும் இரட்டையெண்களின் சைன்கள் பூச்சியமாகவும் வரும். அப்பொழுது 1 − 1/3 + 1/5 − 1/7 + … = π/4 என்னும் தொடர் பெறப்படும். கேரளத்துக் கணிதர் மாதவருக்கு உரியதாக அந்நாட்டு நூல்கள் கூறும் தொடரும் இதுவே. ஐரோப்பாவில் அது 17 ஆம் நூற்றாண்டிலேதான் அறியப்பட்டது. 1/9 வரை ஐந்து உறுப்புக்களைக் கூட்டினால் 0.8349, π/4 இன் பெறுமானம் 0.7854. வழு ஏறக்குறைய 0.05. மேலே கூறிய எல்லை, n = 9 இற்கு, 0.149 வரை இடங்கொடுக்கின்றது.

அவ்வெல்லையின் பகுதியில் நிற்கும் sin(θ/2) ஐ மறத்தலாகாது. வழு நூறிலொன்றுக்குக் குறைவாயிருக்க எத்தனை உறுப்புக்கள் போதும் என்று கேட்டால், θ = 90° ஆயின் 141 போதும் என்று எல்லை கூறும். θ = 1° ஆயின் அதே எல்லை 11,459 உறுப்புக்களைக் கேட்கும். கோணம் பூச்சியத்தை நெருங்குந்தோறும் தேவை எல்லையின்றி வளர்கின்றது. பூச்சியத்தை அடைந்தாலோ சூத்திரம் மௌனமாகிவிடும். அங்கே சைன்கள் யாவும் பூச்சியமாதலால் தொடரின் கூட்டுத்தொகை 0, வலப்பக்கமோ π/2. சமன்பாடு அவ்வொரு புள்ளியில் முற்றாகப் பொய்த்துவிடுகின்றது. ஒருங்கும் தொடரொன்று, உறுப்புக்கள் ஒவ்வொன்றும் தொடர்ச்சியான சார்பாயிருந்தும், ஒரு புள்ளியிலே பாய்கின்றது. வகுப்பதற்கு முன் z ஆனது 1 இற்குச் சமமன்று என்று குறித்துவைத்த அதே இடத்தில் இது நிகழ்கின்றது.

வெப்பம் பரவுதலை ஆராய்ந்த பூரியே 1822 இல் வெளியிட்ட நூலில், பாய்ச்சலுள்ள சார்புகளையும் சைன், கோசைன் தொடர்களால் எழுதலாம் என்று கூறியபொழுது, அத்தொடர்கள் உண்மையில் ஒருங்குகின்றனவா என்பது திருத்தமாக நிறுவப்பட்டிருக்கவில்லை. 1829 இல் திரிச்லே அதனை ஒரு பரந்த வகைச் சார்புகளுக்கு நிறுவினார். அவர் தொடக்கத்திற் செய்ததும் முடிவுள்ள கூட்டுத்தொகையை எடுத்ததே. பூரியே தொடரின் முதல் n உறுப்புக்களைக் கூட்டும்பொழுது, உள்ளே ½ + cos t + cos 2t + … + cos nt என்னும் தொகை வரும்; அதனிடத்தில் sin(n + ½)t / (2 sin(t/2)) என்பதை அவர் எழுதி, n வளரும்பொழுது அதன் தொகையீடு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை ஆராய்ந்தார். t பூச்சியத்துக்கு அருகில் இக்கோவை n + ½ வரை உயர்ந்து நிற்கும். ஏனைய இடங்களில் விரைந்து ஊசலாடித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆதலால் ஒரு புள்ளியிற் பூரியே தொடரின் தொகையைத் தீர்மானிப்பது அப்புள்ளிக்கு மிக அருகில் சார்பு கொள்ளும் பெறுமானங்களே. சார்பு அங்கே பாயுமாயின், தொடர் இரு பக்கப் பெறுமானங்களின் சரிநடுவைத் தரும். மேலேயுள்ள சைன் தொடர் பூச்சியத்துக்கு வலப்பக்கத்தில் π/2 ஐயும் இடப்பக்கத்தில் −π/2 ஐயும் அணுகுகின்றது. பூச்சியத்தில் அது தரும் 0 அவ்விரண்டின் நடுவேயாம்.